ஒன்பதேகாலுக்குக் கிளம்பி ஒன்பது ஐந்துக்கு இறங்கலாமா?

கேள்வி: மகள் அமெரிக்காவில் சான் ஹோசேயில் இருக்கிறாள். நானும் மனைவியும் முதல்முறையாக ஜூன் 11 இரவு 11:15க்குச் சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக சான் பிரான்சிஸ்கோ போகிறோம். சிங்கப்பூரில் காலை 9:15க்குக் கிளம்பி அதே தேதியில் காலை 9:05க்குச் சேர்வதாக டிக்கெட்டில் இருக்கிறது. கிளம்புவதற்கு முன்பே எப்படிச் சேர முடியும்? நேரத்துக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் +1, திரும்பும் பயணத்தில் +2 என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. டிக்கெட் போட்டவரைக் கேட்டால் "எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்" என்கிறார். மகள் எந்தத் தேதிக்கு லீவு போட வேண்டும்? ஜூலை 12 இரவு 10:40க்கு அங்கிருந்து கிளம்புகிறோம், 13 திங்கட்கிழமை தஞ்சாவூரில் ஒரு பத்திரப்பதிவு இருக்கிறது, வந்துவிடலாமா? — ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்:

வணக்கம் ஐயா. அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் லீவு போட வேண்டியது ஜூன் 12, வெள்ளிக்கிழமை. பத்திரப்பதிவை 13ஆம் தேதியிலிருந்து மாற்றிவிடுங்கள், ஏனென்றால் அன்றைக்கு நீங்கள் எந்த ஊரிலும் இருக்க மாட்டீர்கள், பசிபிக் கடலுக்கு மேலே இருப்பீர்கள். உங்கள் டிக்கெட்டில் அச்சுப்பிழை எதுவும் இல்லை. டிக்கெட் போட்டவர் சொன்னது சரிதான், ஆனால் முதல்முறை போகிறவரிடம் அப்படி ஒரே வரியில் முடித்திருக்கக் கூடாது.

இப்போது அந்த 9:15, 9:05 விஷயம். விமான டிக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த விமான நிலையத்தில் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரம் காட்டும் நேரம். சென்னைக்குப் பக்கத்தில் இருப்பது சென்னை நேரம், சிங்கப்பூருக்குப் பக்கத்தில் இருப்பது சிங்கப்பூர் நேரம், எங்கேயும் யாரும் எதையும் இந்திய நேரத்துக்கு மாற்றித் தருவதில்லை. அதனால் சேரும் நேரத்திலிருந்து கிளம்பும் நேரத்தைக் கழித்துப் பயண நேரம் கண்டுபிடிக்கப் பார்த்தால் விடை தப்பாகத்தான் வரும். உங்கள் விஷயத்தில் மைனஸ் பத்து நிமிடம் என்று வந்ததால் சந்தேகம் வந்தது, நல்லது. இன்னும் பல பேருக்கு ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று நம்பும்படியாக ஒரு தப்பான விடை வரும், அவர்கள் கேட்கவே மாட்டார்கள்.

கழிப்பதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். விமானம் கிளம்பும் அந்த நொடியில் போய்ச் சேர வேண்டிய ஊரில் மணி என்ன, தேதி என்ன என்று பார்த்துக்கொண்டு, அதோடு பறக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். ஜூன் மாதத்தில் சிங்கப்பூரைவிட சான் பிரான்சிஸ்கோ 15 மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஆகவே ஜூன் 12 வெள்ளி காலை 9:15க்குச் சிங்கப்பூரில் உங்கள் விமானம் நகரும்போது, உங்கள் மகள் வீட்டுக் கடிகாரத்தில் இன்னும் வியாழக்கிழமைதான், ஜூன் 11 மாலை 6:15. அங்கே இனிமேல்தான் ராத்திரிச் சாப்பாடு. டிக்கெட்டில் அந்த விமானத்துக்கு எதிரே பயண நேரம் 14 மணி 50 நிமிடம் என்று எங்காவது போட்டிருக்கும், தேடிப் பாருங்கள். மாலை 6:15 உடன் 14 மணி 50 நிமிடத்தைக் கூட்டினால் மறுநாள் காலை 9:05, அதாவது ஜூன் 12 வெள்ளிக்கிழமை காலை 9:05. நீங்கள் கிளம்பிய அதே தேதி, பத்து நிமிடம் முந்தின மணி. சேரும் ஊர் கிட்டத்தட்ட நீங்கள் பறக்கும் அளவுக்குப் பின்தங்கி இருக்கிறது, அவ்வளவுதான். சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டுவதெல்லாம் உண்மைதான், ஆனால் அது புரியாவிட்டாலும் இந்தக் கணக்கு சரியாக வரும்.

சரி, +1 எங்கே வருகிறது? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் டிக்கெட்டின் போகும் பகுதி இப்படி இருக்க வேண்டும், MAA என்றால் சென்னை, SIN சிங்கப்பூர், SFO சான் பிரான்சிஸ்கோ:

```
MAA 23:15  -  SIN 06:00 +1
SIN 09:15  -  SFO 09:05
```

சென்னையில் ஜூன் 11 வியாழன் இரவு 11:15க்குக் கிளம்புகிறீர்கள். முக்கால் மணி நேரத்தில் நடுராத்திரி தாண்டித் தேதி மாறிவிடுகிறது. சிங்கப்பூரில் இறங்கும்போது அந்த ஊர் நேரம் காலை 6:00, தேதி 12. கிளம்பிய தேதியோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்பதுதான் +1. நிறைய பேர் இதை 24 மணி நேரம் கூடுதல் என்று எடுத்துக்கொண்டு, ஐயோ ஒரு நாள் முழுக்க விமானத்திலா என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கப்போவது நாலேகால் மணி நேரம்தான். காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துக்கொள்ளுங்கள் என்பதைத் தவிர அந்தக் குறிக்கு வேறு பொருள் இல்லை.

இரண்டாவது விமானத்துக்குப் பக்கத்தில் குறி இல்லாததற்கும் இதே காரணம்தான், அது 12ஆம் தேதி கிளம்பி 12ஆம் தேதியே சேர்கிறது. மணி பின்னால் போனதைப் பற்றி அந்தக் குறிக்குக் கவலையில்லை, தேதி மாறினால் மட்டும்தான் அது வரும்.

இங்கேதான் ஒரு குழப்பம் காத்திருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். டிக்கெட் தேடும்போது போனில் முதலில் ஒரு சுருக்கமான வரி வரும், 23:15 – 09:05 +1 என்று. அதைத் தொட்டு உள்ளே போனால் இரண்டு விமானமும் தனித்தனியாக விரியும். மேலே சுருக்கத்தில் இருக்கும் +1 சென்னையில் கிளம்பிய தேதியிலிருந்து கணக்கு. உள்ளே விரிவில் இருக்கும் +1 பெரும்பாலும் அந்தந்த விமானம் கிளம்பிய தேதியிலிருந்து கணக்கு. ஆக இரண்டும் ஒரே நாளை இரண்டு விதமாகச் சொல்கின்றன, கூட்டக் கூடாது. மேலே ஒரு +1, உள்ளே ஒரு +1, மொத்தம் இரண்டு நாள், அப்படியானால் 13ஆம் தேதி என்று மகளுக்குச் சொல்லிவிட்டால், நீங்கள் வெள்ளிக்கிழமை காலை பெட்டியோடு வெளியே நிற்பீர்கள், மகள் சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வருவாள். போதாததற்குச் சில ஆப்களில் உள்ளே விரிவிலும் முதல் தேதியிலிருந்தே கணக்கு ஓடும், இரண்டாவது விமானத்தின் 09:15க்கும் 09:05க்கும் சேர்த்தே +1 போட்டுவிடும். எந்த ஆப் எந்த வழக்கம் என்று மனப்பாடம் செய்ய முடியாது. அதனால் குறியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பணம் கட்டிய பிறகு மின்னஞ்சலில் வரும் இ-டிக்கெட்டைத் திறந்து பாருங்கள், அதில் பொதுவாக ஒவ்வொரு விமானத்துக்கும் கிளம்பும் தேதியும் சேரும் தேதியும் முழுசாக எழுதியிருக்கும். அந்தத் தேதிதான் கணக்கு.

ஏஜெண்ட் ஆபீஸ் சிஸ்டத்திலிருந்து அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்த தாளாக இருந்தால் சிலதில் +1க்குப் பதிலாக நேரத்துக்கு முன்னால் # என்று ஒரு குறி இருக்கும், பொருள் அதேதான், மறுநாள். இன்னொன்று, இந்த +1 பொடி எழுத்தில் மேலே தொங்கிக்கொண்டிருக்கும், வாட்ஸ்அப்பில் யாராவது நேரத்தை மட்டும் தட்டச்சு செய்து அனுப்பும்போது முதலில் விழுவது அதுதான். உறவினர்களுக்கு அனுப்பும்போது குறியை நம்பாமல் கிழமையோடு தேதியை எழுதுங்கள்.

திரும்பி வரும் பயணத்துக்கு அதே கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

```
SFO 22:40  -  SIN 06:15 +2
SIN 08:00  -  MAA 09:40
```

ஜூலை 12 ஞாயிறு இரவு 10:40க்கு சான் பிரான்சிஸ்கோவில் விமானம் கிளம்பும்போது சிங்கப்பூரில் மணி என்ன? 15 மணி நேரம் முன்னால், அதாவது ஜூலை 13 திங்கள் பகல் 1:40. பறக்கும் நேரம் 16 மணி 35 நிமிடம். கூட்டினால் ஜூலை 14 செவ்வாய் காலை 6:15. ஞாயிற்றுக்கிழமை ஏறியவர் செவ்வாய்க்கிழமை இறங்குகிறார், அதனால்தான் +2. டிக்கெட்டை மட்டும் பார்த்துக் கழித்தால் 31 மணி 35 நிமிடம் வரும், அதைப் பார்த்துத்தான் பலருக்குக் கால் வலியே தொடங்கிவிடுகிறது. அதில் 15 மணி நேரம் வெறும் கடிகார வித்தியாசம். போகும்போது 14:50 ஆனது வரும்போது ஏன் 16:35 என்று கேட்பீர்கள், அது கடிகாரத்தால் வந்ததில்லை, நிஜமாகவே கூடுதலாகப் பறக்கிறீர்கள். அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்றோட்டம் இருக்கிறது, போகும்போது அது பின்னாலிருந்து தள்ளும், வரும்போது எதிரே வந்து மோதும்.

சிங்கப்பூரில் ஒன்றேமுக்கால் மணி நேரம் நின்று 8:00 மணி விமானத்தைப் பிடித்து, 14ஆம் தேதி காலை 9:40க்குச் சென்னை. இந்த விமானத்தின் 8:00, 9:40 இரண்டையும் கழித்து ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் சென்னை வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், நாலு மணி பத்து நிமிடம் ஆகும், சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால் அப்படித் தெரிகிறது. இங்கே குடியேற்றப் பிரிவு வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பது எல்லாம் முடித்துத் தஞ்சாவூர் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிடும். போய்ச் சேர்ந்தாலும் உடம்பு இன்னும் அமெரிக்க ராத்திரியில்தான் இருக்கும். சார்பதிவாளர் ஆபீஸில் உட்கார்ந்து பத்திரத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய வேலை, 16ஆம் தேதிக்கு முன்னால் டோக்கன் எடுக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

இந்தக் கணக்கில் நம்பிக்கை வரவில்லை என்றால் எல்லாவற்றையும் இந்திய நேரத்துக்கு மாற்றியும் பார்க்கலாம், ஊரில் இருப்பவர்களுக்கு அதுதான் உபயோகம். ஜூனில் சான் பிரான்சிஸ்கோ நேரத்தோடு பன்னிரண்டரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். நீங்கள் அங்கே காலை 9:05க்கு இறங்கும்போது இங்கே வெள்ளிக்கிழமை இரவு 9:35. சென்னையில் கிளம்பியது வியாழன் இரவு 11:15. ஆக மொத்தம் 22 மணி 20 நிமிடம். தனித்தனியாகக் கூட்டிச் சரிபாருங்கள்: சென்னை–சிங்கப்பூர் 4:15, சிங்கப்பூரில் காத்திருப்பு 3:15, அடுத்த விமானம் 14:50. அதே 22:20 வருகிறது. இ-டிக்கெட்டில் இருக்கும் மொத்த நேரமும் இதுவாக இருந்தால் டிக்கெட் சரி. உங்களில் யாராவது நேரம் பார்த்துச் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவராக இருந்தால், டாக்டரிடம் போய்த் தேதியையும் மணியையும் மட்டும் சொல்லாமல் இந்த 22 மணி 20 நிமிடத்தையும் சொல்லுங்கள், எத்தனை மணி நேரத்துக்கு ஒரு வேளை என்று அவர் எழுதித் தருவார். உடம்புக்கு அந்த வெள்ளிக்கிழமை முப்பத்தாறரை மணி நேரம் நீளப்போகிறது.

கணக்குப் போட்டும் மொத்த நேரம் பொருந்தவில்லை என்றால் எங்கே பார்ப்பது? அநேகமாகக் காத்திருப்பில். இறங்கும் நேரம் 06:00, அடுத்த விமானம் 09:15 என்று இருந்தால் மூன்றேகால் மணி நேரம் என்று கண் தானாகவே படித்துவிடும். ஆனால் அந்த 09:15க்குப் பக்கத்தில் 12 ஜூனா, 13 ஜூனா என்று பார்க்க வேண்டும். 13 என்று இருந்தால் காத்திருப்பு 27 மணி 15 நிமிடம். விலை மலிவாகக் கிடைக்கும் டிக்கெட்டில் இப்படி வரும், மோசடி ஒன்றும் இல்லை, எல்லாம் தாளில் எழுதித்தான் இருக்கும், ஆனால் வயதானவர்கள் விமான நிலைய நாற்காலியில் ஒரு ராத்திரியைக் கழிக்க வேண்டிவரும். உங்களுக்கு அப்படி இல்லை.

கோடையில் ஒரு கணக்கு, குளிர்காலத்தில் ஒரு கணக்கு என்பதையும் நினைவில் வையுங்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை பழையபடி பின்னால் கொண்டுவருவார்கள். இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ அந்த வழக்கம் இல்லை. அதனால் சிங்கப்பூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் ஜூனில் 15 மணி நேர வித்தியாசம், டிசம்பரில் 16. போன டிசம்பரில் போய்வந்த சொந்தக்காரர் ஒருவர், "எங்களுக்கு எட்டேகாலுக்கெல்லாம் இறங்கினதே, உங்களுக்கு ஏன் ஒன்பது" என்று கேட்டால் குழம்ப வேண்டாம். போனில் உலகக் கடிகாரத்தில் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லதுதான், ஆனால் அது காட்டுவது இன்றைய வித்தியாசத்தை. பிப்ரவரியில் பார்த்துவிட்டு ஜூனுக்குக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம் பிசகும்.

போன் என்றதும் இன்னொன்று. தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு போன் காலண்டரில் "12 ஜூன் 9:15 சிங்கப்பூர் விமானம்" என்று குறித்து வைத்தால், போன் அதை இந்திய நேரம் 9:15 என்றுதான் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூரில் இறங்கிப் போன் தானாக அந்த ஊர் நேரத்துக்கு மாறியதும் அதே குறிப்பு 11:45 என்று காட்டும், நீங்களும் நிறைய நேரம் இருக்கிறதென்று காபி குடிக்கப் போய்விடுவீர்கள். ஒன்று, குறிக்கும்போதே நேர மண்டலம் சிங்கப்பூர் என்று தேர்ந்தெடுங்கள், இல்லை, ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், சார்ஜ் தீராது.

கடைசியாக, டிக்கெட் போடும் தொழிலில் இருக்கும் எங்களுக்கு அதிகமாகத் தலைவலி கொடுக்கும் விஷயம். உங்கள் முதல் விமானம் இரவு 11:15க்கு. நடுராத்திரிக்கு மிக அருகில். விமான நிறுவனங்கள் அட்டவணையை மாற்றுவது சகஜம், கிளம்புவதற்குச் சில வாரம் முன்னால் ஒரு மின்னஞ்சல் வரும். இந்த விமானத்தை வெறும் ஒரு மணி ஐந்து நிமிடம் தள்ளி வைத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய டிக்கெட் இப்படி வரும்:

```
12 JUN   MAA 00:20  -  SIN 07:05
12 JUN   SIN 09:15  -  SFO 09:05
```

பாருங்கள், கிளம்பும் தேதி 11 போய் 12 ஆகிவிட்டது, +1 காணாமல் போய்விட்டது. உண்மையில் நடந்தது ஒரு மணி ஐந்து நிமிடத் தாமதம் மட்டுமே. சிங்கப்பூரில் சேரும் தேதியும் மாறவில்லை, அமெரிக்காவில் இறங்கும் தேதியும் மாறவில்லை, மகளின் லீவும் மாறவில்லை, சிங்கப்பூரில் காத்திருப்பு மட்டும் 2 மணி 10 நிமிடமாகக் குறைகிறது. ஆனால் படிப்பவர் கண்ணுக்குப் பயணம் ஒரு நாள் தள்ளிப்போன மாதிரி இருக்கும். 12ஆம் தேதி வெள்ளிக்கிழமை தஞ்சாவூரில் காலையில் சாவகாசமாக டாக்ஸி ஏறி, ராத்திரி பத்து மணிக்கு மீனம்பாக்கம் வந்து நிற்பார்கள். அவர்கள் விமானம் அன்று அதிகாலையிலேயே போய்ச் சேர்ந்திருக்கும். 00:20 என்றால் 12ஆம் தேதி பிறந்து இருபது நிமிடம், விமான நிலையத்துக்கு நீங்கள் 11ஆம் தேதி வியாழன் இரவு ஒன்பதரைக்குள் வந்திருக்க வேண்டும். சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வருவது வழக்கம், வழக்கமாக ஒரு மணி நேரம் இருக்கும்போதே கவுண்டரை மூடிவிடுவார்கள்.

சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் நிறைய நடுராத்திரிக்குப் பிறகு கிளம்புபவை, அதனால் இந்தத் தப்பு இங்கே சுலபமாக நடக்கும். நான் என் வாடிக்கையாளர்களுக்கு 00:00 முதல் 03:00 வரைக்கும் உள்ள டிக்கெட் என்றால் முதல் பக்கத்தில் பேனாவால் "வியாழன் ராத்திரி 9:30க்கு ஏர்போர்ட்" என்று எழுதித்தான் கொடுப்பேன். உங்கள் ஏஜெண்டிடமும் அப்படி எழுதி வாங்குங்கள், இல்லை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

தேதி பின்னால் போகும் டிக்கெட்டும் உண்டா என்று கேட்டால், உண்டு. சமோவாவின் ஆபியாவிலிருந்து பக்கத்துத் தீவான அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் பறக்க வேண்டும், ஆனால் இரண்டுக்கும் நடுவே சரியாக 24 மணி நேர வித்தியாசம், திங்கள் காலையில் ஏறினால் ஞாயிறு காலையில் இறங்கலாம். அந்த டிக்கெட்டில் -1 என்று இருக்கும். உங்கள் டிக்கெட்டில் அது வராது.

மகளுக்கு அனுப்ப வேண்டியது இவ்வளவுதான், இதையே அப்படியே எடுத்து அனுப்பலாம்: "ஜூன் 12, வெள்ளிக்கிழமை, உங்க ஊர் நேரம் காலை 9:05, சிங்கப்பூரிலிருந்து வரும் விமானம்." கூடவே விமான எண்ணையும் போடுங்கள், தாமதமானால் அவளே பார்த்துக்கொள்வாள். இறங்கியதும் குடியேற்றச் சோதனை, பெட்டி எல்லாம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகலாம், அதனால் அவள் ஒன்பது மணிக்கே வந்து காத்திருக்க வேண்டாம், பத்தேகால் வாக்கில் வந்தால் போதும்.